4,200 ரூபாய்ச் சுங்குடிக்கு 2,000 கேட்கிறார்: வாடிக்கையாளரை இழக்காமல் என்ன பதில் எழுதுவது?

முடிச்சுக்காரி எழுதியது:

மதுரையில் கைமுடிச்சுச் சுங்குடிப் புடவைகள் செய்வித்து, பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். முடிச்சுப் போடுவது நான் மட்டும் அல்ல. என்னோடு சில பெண்கள் வீட்டிலிருந்தே கட்டித் தருகிறார்கள். சாயம் போடுவது பட்டறையில்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா அரக்கு நிறப் புடவை ஒன்றின் படத்தைப் பார்த்து விலை கேட்டார். 4,200 என்றேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்த பதில் இது:

"புடவை ரொம்ப அழகாக இருக்கிறது. ஆனால் இதே புடவை இங்கே கடையில் 900 ரூபாய்க்குத் தொங்குகிறது. கைவேலை என்பதால் 2,000 தருகிறேன். கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடும்மா. எனக்குப் பிடித்துவிட்டால் என் சிநேகிதிகள் ஐந்து பேர் வாங்குவார்கள். கடைசி விலை என்ன?"

நான் இரண்டு பதில்களை எழுதி வைத்திருக்கிறேன், இரண்டையும் அனுப்பவில்லை. ஒன்று, "அப்படியென்றால் 900 ரூபாய்ப் புடவையையே வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரி. மற்றொன்றில் துணி விலை, கூலி, சாயம், எங்கள் வீட்டுக் கஷ்டம் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் போய்விட்டது. முதலாவதை அனுப்பினால் விற்பனை போகும், இரண்டாவதை அனுப்பினால் என் மானம் போகும். நடுவில் ஒரு பதில் வேண்டும். அவர் கெட்டவராகத் தெரியவில்லை, புடவை உண்மையிலேயே பிடித்திருக்கிறது.

வடக்குமாசி எழுதியது:

இதற்கெல்லாம் கடைக்காரர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இனிமேல் 6,500 என்று சொல்லுங்கள், 35 சதவீதம் தள்ளுபடி என்று போடுங்கள். அவர்களுக்கும் பேரம் பேசிய திருப்தி, உங்களுக்கும் உங்கள் விலை. ஆடி மாதத்தில் ஊரே அதைத்தான் செய்கிறது.

நூல்கண்டு எழுதியது:

என் வழக்கும் கிட்டத்தட்ட இதேதான். நான் குரோஷே பின்னுகிறேன். குழந்தைக்குத் தொப்பி, சட்டை, காலுறை என்று ஒரு முழுத் தொகுப்பு, பெயரும் பின்னித் தரவேண்டும் என்று ஒருவர் கேட்டார். முடித்த பிறகு "பாதி விலைக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்" என்றார். பெயர் பின்னிய சட்டையை வேறு யாருக்கு விற்பது? நீங்களும் முன்பணம் வாங்காமல் அனுப்பிவிடாதீர்கள். இப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள்.

முடிச்சுக்காரி எழுதியது:

நூல்கண்டு, நான் எதையும் அனுப்பவில்லை. அது தயாராக மடித்து வைத்திருக்கும் புடவை, அவருக்காகச் செய்தது அல்ல. என் கேள்வி பணம் வருமா என்பது பற்றியும் அல்ல, பதிலில் என்ன எழுதுவது என்பதுதான்.

பழையகணக்கு எழுதியது:

ஜவுளிக் கடையில் கல்லாவிலும் கொள்முதலிலும் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் வடக்குமாசியின் யோசனை. அது பெரிய கடைக்குச் சரி. ஆளே மாறிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நேற்றைய விலையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் விற்கும் உங்களுக்கு அது பொருந்தாது. போன மாதம் 4,200-க்கு வாங்கியவரின் கைபேசியில் அந்த விலை எழுத்தில் கிடக்கிறது. அவர் தங்கையிடம் நீங்கள் 6,500 என்றால் உங்கள் பெயர் அன்றே கெடும். ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி: விலையில் கொஞ்சம் இடம் வைத்திருக்கத்தான் வேண்டும். அது பேரத்துக்காக அல்ல, கடைக்கு மொத்தமாகக் கொடுக்கும் நாளுக்காகவும், விற்காமல் தங்கிவிடும் புடவைக்காகவும்.

அடுத்து, தள்ளுபடி கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் குறைத்துத் தருகிறார்கள். அந்தச் சுமையில் ஒரு பகுதியை அரசு மானியமாக ஏற்கிறது என்பது வாங்குகிறவர் கண்ணில் படாது. கைத்தறி என்றால் குறைக்க முடியும் என்பதுதான் அவர் மனதில் நிற்கும். ஆகவே உங்களிடம் குறைத்துக் கேட்டது உங்களை அவமதிக்க அல்ல. அவருக்குத் தெரிந்த வழக்கத்தில் கேட்டிருக்கிறார்.

இனிப் பதிலுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு விவரம் வேண்டும். இந்தப் புடவைக்கு உங்கள் கையிலிருந்து என்ன போனது? தாளில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

முடிச்சுக்காரி எழுதியது:

போட்டிருக்கிறேன் ஐயா. ஜரிகைக் கரை வைத்த பருத்தித் துணி 900. புள்ளிக்கு அடையாளம் வைப்பதற்கு 100. முடிச்சுக் கூலி 1,700. இந்தப் புடவையில் ஏறக்குறைய 8,000 முடிச்சு. சாயம் 350. முடிச்சுப் பிரித்து, அலசி, கஞ்சி போட்டு, மடிக்க 200. பெட்டியும் கூரியரும் 150. ஆக 3,400. மீதி 800-இல்தான் என் அலைச்சல், படம் எடுப்பது, பட்டறையில் சாயம் திட்டுத்திட்டாக விழுந்து வீணாகும் துணி எல்லாம் அடங்க வேண்டும்.

பழையகணக்கு எழுதியது:

அப்படியென்றால் 2,000 என்பது துணிக்கும் முடிச்சுக் கூலிக்குமே போதாது. அவை இரண்டும் மட்டும் 2,600. இது உங்களுக்குத் தெரிந்தால் போதும். இந்தக் கணக்கை அவருக்கு அனுப்பவேண்டாம்.

காரணம் சொல்கிறேன். கணக்கை விரித்து வைத்தால் ஒவ்வொரு வரியும் ஒரு பேரமாகும். "துணிக்கு 900-ஆ? ஈரோட்டில் 500-க்கு வாங்கித் தருகிறேனே" என்பார். அதற்குப் பதில் சொன்னால் "முடிச்சுக்கு 1,700 எதற்கு?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, வீட்டிலிருந்து கட்டும் பெண்களின் கூலியை நீங்களே ஏலத்தில் விடுகிறீர்கள். நீங்கள் எழுதிவைத்த ஒரு பக்கப் பதிலில் உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

தறிநாடா எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் என் பொருளோடு செலவுப் பட்டியலையே அச்சடித்து வைக்கிறேன். கூலி இவ்வளவு என்று தெரிந்தால் வாங்குகிறவர் மரியாதையோடு வாங்குகிறார். மறைத்து வைத்தால்தான் சந்தேகம் வரும்.

பழையகணக்கு எழுதியது:

தறிநாடா, நீங்கள் பட்டியலை எப்போது காட்டுகிறீர்கள் என்பதில்தான் வேறுபாடு. கேட்கும் முன்பே, எல்லோருக்கும், விலைச் சீட்டோடு காட்டினால் அது தகவல். ஒருவர் பாதி விலைக்குக் கேட்ட பிறகு காட்டினால் அது வழக்காடுவது. நேரம் மாறினால் அதே தாள் வேறு பொருள் தருகிறது.

தறிநாடா எழுதியது:

இருக்கலாம். ஆனால் என் அனுபவம் வேறு.

கொங்குவாசகி எழுதியது:

வாங்குகிறவள் பக்கமிருந்து பேச ஒருத்தி வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எனக்கும் கைபேசித் திரையில் கைமுடிச்சும் அச்சும் ஒன்றாகத்தான் தெரியும். அவர் "இதே புடவை" என்றது பொய் இல்லை, அவர் கண்ணுக்கு அது இதே புடவைதான். 900-க்குக் கிடைப்பதை ஒருவர் 4,200 என்றால் நானும் கேட்பேன். நீங்கள் அவருக்கு என்ன படம் அனுப்பினீர்கள்? மடித்துப் பூப்போட்டு வைத்த படமா?

முடிச்சுக்காரி எழுதியது:

ஆமாம், மடித்து, பக்கத்தில் மல்லிகைச் சரம் வைத்த படம். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

கொங்குவாசகி எழுதியது:

அந்தப் படத்தில் அச்சுப் புடவையை வைத்தாலும் அப்படியேதான் இருக்கும்.

பழையகணக்கு எழுதியது:

கொங்குவாசகி முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கடைகளில் அச்சுப் புடவையும் சுங்குடி என்ற பெயரில்தான் தொங்குகிறது. பெயரைச் சொல்லி வேறுபாட்டைப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும்.

காட்ட இரண்டு படங்கள் போதும். ஒன்று, சாயம் போடும் முன் முடிச்சுகளோடு துணி சுருங்கிக் கிடக்கும் படம். ஐந்தரை மீட்டர்த் துணி ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருண்டு, முழுக்க நுனி நுனியாக நிற்குமே, அது. மற்றொன்று, முடித்த புடவையில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை வெயிலில் வைத்து மிக அருகில் எடுத்த படம். கைமுடிச்சில் புள்ளிகள் ஒன்றுபோல் இரா. ஒன்று கொஞ்சம் நீளும், ஒன்றின் ஓரம் கலங்கும், சிலவற்றின் நடுவில் சாயம் இறங்கியிருக்கும். துணியைத் தடவினால் கட்டிய இடம் இலேசாகப் புடைத்துத் தெரியும். அச்சில் கட்டை எந்த அளவோ அந்த அளவுக்கு ஒருமுறை அதே புள்ளிகள் அதே குறையோடு திரும்ப வரும். தேடினால் யாருக்கும் தெரியும்.

நூல்கண்டு எழுதியது:

அந்த 900 ரூபாய்ப் புடவை போலி என்று நேரடியாகவே எழுதிவிடலாமே?

பழையகணக்கு எழுதியது:

கூடாது. அவர் பீரோவில் அதைப்போல் நான்கு புடவை இருக்கும். அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் உங்களுக்குச் செய்தியே எழுதியிருப்பார். அந்தப் புடவையைக் குறை சொன்னால் அவருடைய ரசனையைக் குறை சொன்னதாகும். அச்சுப் புடவையும் ஒரு தொழில்தான், அதிலும் கை உழைப்பு இருக்கிறது. "வேலை வேறு" என்ற இரண்டு சொற்கள் போதும்.

சிந்தாமணிக்காரன் எழுதியது:

எதற்கு இவ்வளவு யோசனை? பதிலே போடவேண்டாம். விலையை மதிப்பவர் தானாக வருவார். நான் பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவதில்லை.

முடிச்சுக்காரி எழுதியது:

எனக்கு அது கட்டாது. மாதத்துக்கு வரும் விசாரிப்புகளே குறைவு. அதோடு, அவர் கேட்டதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பழையகணக்கு எழுதியது:

சரி, பதிலைக் கட்டுவோம். என் கருத்தில் இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. விலை குறைய வேண்டுமென்றால் பொருளிலோ வேலையிலோ செலவிலோ ஏதாவது ஒன்று குறைய வேண்டும். எதுவும் குறையாமல் 4,200 திடீரென்று 3,000 ஆனால், முதலில் சொன்ன 4,200 பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு அவர் 3,000-ஐயும் நம்பமாட்டார், 2,500 கேட்பார். அது அவர் தவறு இல்லை.

ஆகவே அவரிடம் 2,000 அல்லது 2,500 தான் இருக்கிறது என்றால் அந்தப் பணத்துக்கு நேர்மையாக என்ன தர முடியும்? முழுப் புடவையிலும் முடிச்சு இல்லாமல், முந்தானையிலும் கரையோரத்திலும் மட்டும் போட்ட புடவை இருக்கிறதா?

முடிச்சுக்காரி எழுதியது:

இருக்கிறது. ஜரிகை இல்லாத துணி, 650 ரூபாய். முடிச்சு 2,500 தான் வரும், கூலி 530. அடையாளம் வைக்க 50. சாயம் அதே 350. மற்ற வேலைக்கு 150, கூரியர் 150. மொத்தம் 1,880. நான் 2,400-க்குக் கொடுக்கிறேன். அரக்கு நிறத்திலேயே ஒன்று கையில் இருக்கிறது.

பழையகணக்கு எழுதியது:

உங்கள் பதில் கிடைத்துவிட்டது. அவர் கையிலுள்ள பணத்துக்கு அருகில் ஒரு புடவை, அவர் ஆசைப்பட்ட இடத்தில் ஒரு புடவை. தேர்வு அவருடையது. யாரும் யாரிடமும் இறங்கவில்லை. நீங்களே எழுதிப் போடுங்கள், திருத்திக்கொள்ளலாம்.

முடிச்சுக்காரி எழுதியது:

எழுதியிருக்கிறேன்:

"வணக்கம் மேடம். மன்னிக்கவும், எங்களுக்கு 2,000 கட்டுப்படியாகாது. இது கைவேலை என்பதால் நிறைய நாள் ஆகும், கடைப் புடவையோடு ஒப்பிட முடியாது. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்காக வேண்டுமானால் 4,000-க்குத் தருகிறேன். இல்லாவிட்டால் 2,400-க்கு வேறு ஒன்று இருக்கிறது. நன்றி."

கொங்குவாசகி எழுதியது:

இதைப் படித்தால் எனக்கு அடுத்துக் கேட்கத் தோன்றுவது 3,000. "உங்களுக்காக வேண்டுமானால்" என்றதும் கதவு திறந்துவிட்டது.

இன்னொன்று, அவர் உங்களை "கொடும்மா" என்று உரிமையோடு கேட்டிருக்கிறார். நீங்கள் "மேடம்" என்று தள்ளி நிற்கிறீர்கள். எங்கள் ஊரில் அது கோபம் என்று பொருள்படும்.

பழையகணக்கு எழுதியது:

மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

"மன்னிக்கவும்" எதற்கு? சரக்கு தாமதமானால் மன்னிப்புக் கேட்கலாம். சரியான விலை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டால், விலையில் ஏதோ தப்பு இருக்கிறது என்று படும்.

"கட்டுப்படியாகாது" என்பது உங்கள் கஷ்டத்தைப் பற்றிய பேச்சு. வாங்குகிறவருக்குத் தேவை புடவையைப் பற்றிய பேச்சு. முடிச்சு 8,000 என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லுங்கள், படத்தையும் வையுங்கள். அவரே மனதில் கணக்குப் போட்டுக்கொள்வார்.

மூன்றாவது அந்த 4,000. எந்தக் காரணமும் சொல்லாமல் 200 குறைத்திருக்கிறீர்கள். கூரியர் வேண்டாம், ஆள் வந்து வாங்கிக்கொள்கிறார் என்றால் 150 குறையுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. வெறுமனே குறைக்காதீர்கள்.

பிறகு "கடைசி விலை என்ன?" என்ற கேள்வி. அதற்குப் புதிய எண் ஒன்றைப் பதிலாகச் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய எண்ணையே, கோபம் இல்லாமல், திரும்பச் சொல்லவேண்டும்.

வடக்குமாசி எழுதியது:

ஐந்து சிநேகிதிகள் விஷயத்தை விட்டுவிட்டீர்களே. அது பெரிய வியாபாரம் ஆயிற்றே.

பழையகணக்கு எழுதியது:

வராத ஐந்து பேருக்காக வந்திருக்கும் ஒருவருக்கு விலை குறைப்பது எந்தக் கடையிலும் நடக்காது. ஆனால் அதை மறுத்துப் பேசவும் வேண்டாம், அவர் உண்மையாகவே சொல்லியிருக்கலாம். ஐந்து புடவை ஒரே நிறத்தில், ஒரே நேரத்தில் என்றால் பட்டறையில் ஒரே தொட்டியில் போடலாம். சாயச் செலவு எவ்வளவு குறையும்?

முடிச்சுக்காரி எழுதியது:

350 என்பது 200 ஆகும். ஒரே பெட்டியில் அனுப்பினால் கூரியரிலும் புடவைக்கு 100 மிச்சம். ஆக ஒன்றுக்கு 250 குறையும். முடிச்சுக் கூலி குறையாது.

பழையகணக்கு எழுதியது:

அப்படியானால் ஐந்தும் சேர்ந்து பணம் கட்டினால் ஒன்று 3,950. அதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் முதல் பதிலிலேயே இதை எழுதினால் "அந்த 3,950-ஐ எனக்கு இப்போதே கொடு, அவர்கள் பிறகு வருவார்கள்" என்பார். இப்போதைக்கு ஒரு வரி மட்டும் போதும்: சேர்ந்து வாங்கும்போது விலை வேறு என்று.

முடிச்சுக்காரி எழுதியது:

மறுபடி எழுதினேன்:

"வணக்கம் அக்கா. புடவை உங்களுக்குப் பிடித்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதன் விலை 4,200 தான். கடையில் நீங்கள் பார்த்தது அச்சுச் சுங்குடியாக இருக்கும். அதுவும் நல்ல புடவைதான், வேலை வேறு. இது ஏறக்குறைய 8,000 முடிச்சுகளைக் கையால் கட்டிச் சாயம் போட்டது. முடிச்சோடு இருந்தபோது எடுத்த படமும், புள்ளிகளை அருகில் எடுத்த படமும் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

2,500-க்குள் வேண்டும் என்றால், முந்தானையிலும் கரையோரத்திலும் மட்டும் முடிச்சுப் போட்ட அரக்குப் புடவை 2,400-க்கு இருக்கிறது. அதன் படமும் கீழே இருக்கிறது. சிநேகிதிகள் சேர்ந்து ஒரே நிறத்தில் ஐந்து எடுத்தால் அதற்குத் தனி விலை சொல்கிறேன்.

எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள். அதுவரை இரண்டையும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்கிறேன்."

கொங்குவாசகி எழுதியது:

இதை வாங்குகிறவளாகப் படித்தேன். எங்கும் சுருக்கென்று படவில்லை. "கைவேலையின் மதிப்பு தெரியாதவர்" என்று என்னை யாரும் சொல்லவில்லை. அருகில் எடுத்த படம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கே ஆசை வந்துவிட்டது.

தறிநாடா எழுதியது:

வெள்ளிக்கிழமை என்று கெடு வைப்பது அவசரப்படுத்துவதாகத் தெரியாதா?

பழையகணக்கு எழுதியது:

"சீக்கிரம் சொல்லுங்கள், நிறையப் பேர் கேட்கிறார்கள்" என்றால் அவசரப்படுத்துவது, பெரும்பாலும் பொய்யும்கூட. இங்கே அவருக்காக எடுத்து வைப்பதாகச் சொல்லி, எவ்வளவு நாள் என்று தெரிவிக்கிறார். ஒரு கட்டுப்பாடு அதில் உண்டு: சனிக்கிழமை அந்தப் புடவையை வேறு ஒருவருக்கு விற்கத் துணிவு இருந்தால் மட்டும் நாள் குறிக்க வேண்டும்.

அனுப்புங்கள். இரவில் வேண்டாம், காலையில்.

முடிச்சுக்காரி எழுதியது:

அனுப்பினேன். மதியம் வரை பதில் இல்லை. பிறகு குரல் செய்தி வந்தது. சுருக்கம் இது: படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாராம், தன்னிடமுள்ள புடவையையும் எடுத்து ஒப்பிட்டாராம். முந்தானை மட்டும் முடிச்சுப் போட்டது வேண்டாம், முழுப் புடவைதான் வேண்டும். "3,500 என்றால் இப்போதே பணம் போட்டுவிடுகிறேன்" என்கிறார்.

எனக்குக் கை பரபரக்கிறது. 3,500 என்றாலும் 100 ரூபாய் மிஞ்சும் இல்லையா?

பழையகணக்கு எழுதியது:

மிஞ்சாது. அடுத்த முறை பட்டறையில் ஒரு துணி வீணானால் அந்த 100 அதற்கே காணாது. அதோடு 2,000 கேட்டவர் ஒரே நாளில் 3,500-க்கு வந்திருக்கிறார். அவரை நகர்த்தியது தள்ளுபடி இல்லை, நீங்கள் அனுப்பிய படங்கள். இந்த நேரத்தில் விலையைக் குறைத்தால் படம் சொன்னதை நீங்களே மறுத்ததாகும்.

இரண்டாம் முறை பதில் முதல் முறையைவிடச் சின்னதாக இருக்கவேண்டும். விளக்கம் முடிந்துவிட்டது. குரல் செய்திக்குக் குரலில் பதில் சொல்லாதீர்கள், குரலில் குழைவு வந்துவிடும். எழுத்திலேயே சொல்லுங்கள். விலை அதேதான் என்ற ஒரு வரி, பிறகு உண்மையாகவே செலவு குறையும் வழி இருந்தால் அது. இல்லாவிட்டால் பணமாக இல்லாமல் வேலையாக ஏதாவது ஒன்று.

நூல்கண்டு எழுதியது:

ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கலாமே. நான் குழந்தைத் தொகுப்புக்கு ஒரு துணிப்பை சேர்த்துத் தருகிறேன். எனக்கு அதிகம் செலவில்லை, அவர்களுக்கு வெறுங்கையோடு போன உணர்வு இல்லை.

பழையகணக்கு எழுதியது:

நல்ல யோசனை. கோயம்புத்தூரில் தையற்காரரிடம் கொடுத்தால் அவருக்குப் பணமும் அலைச்சலும் ஆகும். உங்களுக்கு நூலும் துணியும் மட்டும்.

சிந்தாமணிக்காரன் எழுதியது:

இலவசமாகத் தைத்துக் கொடுப்பதும் தள்ளுபடிதான், பெயர்தான் வேறு. கூலி இல்லாமல் தைப்பது யார்? இவர்தானே? கட்டும் பெண்களின் கூலியைக் காப்பாற்றிவிட்டு இவருடைய கூலியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்.

பழையகணக்கு எழுதியது:

அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் செய்யத் தொடங்கினால் அது விலையில் சேர்ந்தாக வேண்டும்.

முடிச்சுக்காரி எழுதியது:

ஃபால்ஸ் விஷயத்தை இப்போதைக்கு எழுதவில்லை. இப்படி அனுப்பினேன்:

"அக்கா, நன்றாகப் பார்த்து ஒப்பிட்டதற்கு நன்றி. முழுப் புடவை 4,200 தான், அதில் மாற்றம் இல்லை. மதுரையில் உறவினர் யாராவது நேரில் வந்து வாங்கிக்கொண்டால் கூரியர் செலவு 150 குறையும், 4,050 கொடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கிறேன்."

கொங்குவாசகி எழுதியது:

பதில் வந்ததா?

முடிச்சுக்காரி எழுதியது:

வந்தது. "பிடிவாதக்காரி" என்று ஒரு சிரிப்புப் படம். அடுத்த நாள் அவருடைய தம்பி வருவதாக எழுதினார். தம்பி அரசரடியில் இருக்கிறாராம். வந்தார், புடவையை விரித்துக் காட்டச் சொன்னார், 4,050 கொடுத்து வாங்கிப் போனார். ரசீதில் "கூரியர் இல்லாமல்" என்று எழுதிக் கொடுத்தேன், சிநேகிதிகள் யாராவது 4,050 என்று கேட்டால் காட்டுவதற்கு.

முதலிரண்டு முறை தனியாக, உப்புப் போட்ட தண்ணீரில் அலசும்படி ஒரு சீட்டும் வைத்தேன். அரக்கு கொஞ்சம் சாயம் விடும்.

வடக்குமாசி எழுதியது:

வாழ்த்துகள். ஆனால் எல்லோருக்கும் மதுரையில் தம்பி இருக்கமாட்டார். 3,500-இலேயே நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

முடிச்சுக்காரி எழுதியது:

விட்டிருப்பேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேறு ஒருவருக்குப் படம் போயிருக்கும். இந்த மாதம் பணம் நெருக்கடியாக இருந்திருந்தால் இதே பதிலைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது.

நூல்கண்டு எழுதியது:

என் கேள்வி அப்படியே நிற்கிறது. பெயர் பின்னித் தரும் பொருளுக்கு, முடித்த பிறகு பாதி விலை கேட்டால்? அங்கே எடுத்து வைத்து வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாதே.

பழையகணக்கு எழுதியது:

அங்கே பதில் எழுதும் நேரம் கடந்துவிட்டிருக்கும். பெயர் பின்னத் தொடங்கும் முன்பே, நூலுக்கும் உங்கள் கூலியில் பெரும்பகுதிக்கும் ஆகும் தொகையை முன்பணமாக வாங்கிவிடுங்கள். பெயர் பின்னியதைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்பதையும் அதே செய்தியில் எழுதி, அவர் "சரி" என்று எழுத்தில் சொன்ன பிறகு ஊசியைக் கையில் எடுங்கள். தனி இழையாகத் தொடங்குங்கள், முன்பணம் கேட்கும் செய்தியை அங்கே பார்க்கலாம்.